அறிக்கையில் இல்லாத 120 கோடி டாலர்: என்ரான் கான்காலை ஒரு பக்கத்துக்குள் சுருக்குவது எப்படி

2001 அக்டோபர் 16 காலை, அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் தன் மூன்றாம் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான தொழிலில் பங்குக்கு 43 சென்ட் லாபம், வரிக்குப் பிறகு 101 கோடி டாலர் ஒருமுறைச் செலவு, நடப்பு வருடத்துக்கு 1.80 டாலர், அடுத்த வருடத்துக்கு 2.15 டாலர் என்ற முன்கணிப்பில் மாற்றமில்லை. இத்தனையும் பத்திரிகை அறிக்கையின் தலைப்பிலேயே இருந்தன. ஒருமுறைச் செலவையும் சேர்த்தால் அந்தக் காலாண்டில் நிறுவனத்துக்கு 61.8 கோடி டாலர் நிகர நஷ்டம். ஆனால் தலைப்பு 43 சென்ட்டிலிருந்துதான் தொடங்கியது.

அதே காலையில் பங்கு ஆய்வாளர்களோடு கான்கால், அதாவது தொலைபேசி வழிக் கூட்டம், நடந்தது. தலைவர் கென்னத் லே பேசிக்கொண்டே போகும்போது நடுவில் ஒரு விஷயம் சொன்னார். சில நிதி ஏற்பாடுகளை முன்கூட்டியே முடித்துக்கொண்டதையொட்டிப் பங்குதாரர் மூலதனம் சுமார் 120 கோடி டாலர் குறையும், பங்குகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறையும் என்றார். பத்திரிகை அறிக்கையில் இந்த 120 கோடி கிடையாது. அன்று பங்கு கொஞ்சம் ஏறி 33.84 டாலரில் முடிந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு நாளிதழ் அந்த எண்ணை எடுத்து எழுதியது. 22-ம் தேதி, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் விசாரிக்கிறது என்று நிறுவனமே அறிவித்தபோது, பங்கு 20.65 டாலரில் நின்றது. டிசம்பர் 2 அன்று என்ரான் திவால் மனு கொடுத்தது.

கான்கால் டிரான்ஸ்கிரிப்டை வேலைப்பளு மிகுந்த ஆய்வாளருக்கு ஒரு பக்கமாகச் சுருக்கிக் கொடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. முடிவுகள் குவியும் வாரத்தில் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள் பேசும். ஆய்வாளர் எல்லாவற்றையும் கேட்க முடியாது, நம் பக்கத்தைத்தான் படிப்பார். அக்டோபர் 16-க்கான பக்கத்தில் 43 சென்ட்டும் 1.80 டாலரும் இருந்து 120 கோடி விடுபட்டிருந்தால், அந்தப் பக்கம் பத்திரிகை அறிக்கையின் நகல். அறிக்கைதான் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதே.

இதைப் பின்னால் நடந்தது தெரிந்த தெம்பில்தான் எழுதுகிறேன். அதனால் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் மாதிரிச் சுருக்கத்தில் அன்று மதியம் கையில் இருந்த அறிக்கையும் அழைப்பும், அதற்கு முந்தைய அழைப்புகளும் தாக்கல்களும் மட்டுமே இடம்பெறும்.

அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது

டிரான்ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சீராகப் படித்துக்கொண்டே குறிப்பெடுப்பதுதான் பலரும் செய்வது. அப்படி எடுத்தால் நிறுவனம் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்ததோ அதே அளவு இடம் நம் குறிப்பிலும் கிடைத்துவிடும். பத்து நிமிடம் பெருமையடித்த விஷயம் பத்து வரி எடுத்துக்கொள்ளும், ஒரே மூச்சில் சொல்லிப்போன விஷயம் நழுவிவிடும்.

வேறொரு வழி இருக்கிறது. முதலில் பத்திரிகை அறிக்கையில் உள்ள எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் டிரான்ஸ்கிரிப்டில் வரும் ஒவ்வொரு எண்ணையும் அந்தத் தாளில் தேட வேண்டும். அங்கே இருக்கும் எண்ணை அடித்துவிடலாம், இல்லாத எண்ணுக்கு வட்டம் போடலாம். இதில் அறிவுஜீவித்தனம் எதுவும் இல்லை, எழுத்தர் வேலைதான். ஆனால் சுருக்கத்தின் பெரும்பாதி இந்த வட்டங்களிலிருந்துதான் வரும்.

அக்டோபர் 16-க்கு அப்படிச் செய்து பார்ப்போம். அறிக்கை 101 கோடி ஒருமுறைச் செலவை மூன்றாகப் பிரித்துக் காட்டியது. தண்ணீர் விநியோகத் தொழிலின் மதிப்புக் குறைப்பு 28.7 கோடி. பிராட்பேண்ட் தொழிலை மறுசீரமைக்கும் செலவு 18 கோடி. மூன்றாவது 54.4 கோடி. அது சில முதலீடுகளில் வந்த நஷ்டமும், "ஏற்கெனவே வெளிப்படுத்தப்பட்ட ஓர் அமைப்புடன்" இருந்த நிதி ஏற்பாடுகளை முன்கூட்டியே முடித்ததும் சேர்ந்த தொகை. மூன்றையும் கூட்டினால் 101.1 கோடி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வழக்கமான லாபம் 39.3 கோடியிலிருந்து இதைக் கழித்தால் நஷ்டமும் ஒத்துப்போகிறது.

லே சொன்ன 120 கோடி இந்தக் கூட்டலில் எங்கேயும் இல்லை. வட்டம் போட வேண்டிய எண் அதுதான். வட்டம் போட்டவுடன் கேள்வியும் தானாக வருகிறது. ஏற்பாடுகளை முடித்ததால் வந்த நஷ்டம் 54.4 கோடிக்குள்ளேயே அடங்கிவிட்டது என்கிறது அறிக்கை. அதே ஏற்பாடுகளை முடித்ததால் மூலதனம் 120 கோடி குறையும் என்கிறார் லே. லாப நஷ்டக் கணக்கைத் தொடாமல் மூலதனத்தில் மட்டும் இவ்வளவு பெரிய ஓட்டை எப்படி விழுந்தது? 2000-ம் ஆண்டு முடிவில் நிறுவனத்தின் பங்குதாரர் மூலதனம் சுமார் 1,150 கோடி டாலர். அதில் பத்தில் ஒரு பங்கு போகிறது, அதுவும் பேச்சோடு பேச்சாக. அந்த ஏற்பாடு என்ன, எதிர்த்தரப்பு யார் என்பதை அறிக்கை பெயர் சொல்லாமல் கடக்கிறது.

சொற்களின் நிறத்தை மட்டும் எண்ணும் முறை இங்கே கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்மறைச் சொற்களை எண்ணித் தொனியை அளக்கும் பழக்கம் வெகுநாளாக இருக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கான அகராதி ஒன்றில் எதிர்மறை என்று குறிக்கப்பட்ட சொற்களில் ஏறக்குறைய முக்கால்வாசி, நிதி ஆவணங்களில் எதிர்மறையே அல்ல என்று லௌரன், மெக்டொனால்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். வரி, செலவு, பொறுப்பு போன்றவை கணக்கு எழுதுபவருக்கு அன்றாடச் சொற்கள். அந்தத் தவறைத் திருத்தி நிதித்துறைக்கென்றே அகராதி செய்து வைத்துக்கொண்டாலும், லேயின் வாக்கியத்தில் "குறையும்" என்பதைத் தாண்டிப் பிடிபட எதுவும் இல்லை. அந்த அழைப்பிலேயே மிக மோசமான செய்தி, அதிகம் சலனமில்லாத வாக்கியமாக வந்தது.

தொனி மாற்றம்: ஏப்ரல் 17

தொனி மாறியதா என்று சொல்ல ஒரு டிரான்ஸ்கிரிப்ட் போதாது. முந்தைய காலாண்டுகளின் டிரான்ஸ்கிரிப்டுகளும் வேண்டும். ஒரே விஷயத்தைப் பற்றிய கேள்விக்கு அப்போது என்ன பதில், இப்போது என்ன பதில் என்று பார்ப்பதுதான் ஒப்பீடு. "நம்பிக்கையுடன் பேசினார்", "தற்காப்பாகப் பேசினார்" என்றெல்லாம் எழுதினால் படிக்கும் ஆய்வாளருக்கு அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

2001 ஏப்ரல் 17 அன்று நடந்த முதல் காலாண்டு அழைப்பு பிரபலமானது. அன்றைக்கும் எண்கள் நன்றாகவே இருந்தன, பங்குக்கு 47 சென்ட், முந்தைய வருடம் 40. கேள்வி நேரத்தில் ஹைஃபீல்ட்ஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் ரிச்சர்ட் கிரப்மேன், முடிவுகளோடு பேலன்ஸ் ஷீட்டும் பணப்புழக்க அறிக்கையும் ஏன் தரவில்லை என்று கேட்டார். காலாண்டு அறிக்கையை ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது அவை வரும் என்பது தலைமைச் செயல் அதிகாரி ஜெஃப்ரி ஸ்கில்லிங்கின் பதில். கிரப்மேன் விடவில்லை. முடிவுகளோடு இவற்றைத் தர முடியாத ஒரே நிதி நிறுவனம் நீங்கள்தான் என்றார். ஸ்கில்லிங் நன்றி சொன்னார், கூடவே ஒரு வசைச்சொல்லையும் சேர்த்துச் சொன்னார், அத்தனை பேர் காதில் விழ.

அந்த அழைப்பைச் சுருக்கியவர்கள் எதை எழுதியிருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. வசையைத்தான். அது விழுந்தவுடன் கேள்வி காணாமல் போய்விடுகிறது. என் கணக்கில் பக்கத்தில் முதலில் வர வேண்டியது இது: "முடிவுகளுடன் பேலன்ஸ் ஷீட், பணப்புழக்கம் தரப்படவில்லை. ஏன் என்று இரண்டு முறை கேட்கப்பட்டது. தாக்கல் செய்யும்போது கிடைக்கும் என்பதைத் தவிர காரணம் சொல்லப்படவில்லை." வசை அதற்கு அடுத்த வரியில், ஆதாரமாக வரலாம்.

கேட்டவர் யார் என்பதையும் சேர்க்க வேண்டும். கிரப்மேனின் நிறுவனம் என்ரான் பங்கை ஷார்ட் அடித்திருந்தது. விலை விழுந்தால் அவருக்கு லாபம். இதைப் படிப்பவருக்குச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்துக் கேள்வியைத் தள்ளுபடி செய்வதும் தவறு. பேலன்ஸ் ஷீட் எங்கே என்பது யார் கேட்டாலும் அதே கேள்விதான். கேட்டவரின் ஆதாயத்தை அடைப்புக்குறிக்குள் குறித்துவிட்டு, பதில் வந்ததா இல்லையா என்பதை மட்டும் வாக்கியத்தில் வைப்பேன்.

பணப்புழக்கம் பற்றிய அந்த அக்கறை வீண் இல்லை என்பது ஆகஸ்டில் தெரிந்தது. அரையாண்டுக்கான தாக்கலில் தொழில் நடவடிக்கைகளிலிருந்து பணம் வரவில்லை, 130 கோடி டாலருக்கும் மேல் வெளியே போயிருந்தது. பங்குக்குக் கிடைத்த லாபமோ இரண்டு காலாண்டிலும் ஏறுமுகம். அதே ஆகஸ்ட் 14 அன்று ஸ்கில்லிங் பதவி விலகினார்.

கோபம் மட்டும் போதாது

இப்போது எதிர்ப்பக்கம். 2018 மே 2 அன்று டெஸ்லாவின் முதல் காலாண்டு அழைப்பில், மூலதனத் தேவை எவ்வளவு என்று கேட்ட ஓர் ஆய்வாளரை ஈலான் மஸ்க் சலிப்பூட்டும் முட்டாள்தனமான கேள்வி என்று வெட்டினார். அடுத்து மாடல் 3 முன்பதிவு பற்றிக் கேட்டவரிடம், இப்படி வறட்டுக் கேள்விகளாகக் கேட்டுக் கொல்கிறீர்கள் என்கிற தொனியில் பேசிவிட்டு, யூடியூப் நடத்தும் ஒருவருக்கு வரிசையாகக் கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுத்தார். மறுநாள் பங்கு ஐந்து சதவீதத்துக்கும் மேல் இறங்கியது.

தொனி மட்டும் பார்த்தால் இது ஸ்கில்லிங்குக்குச் சளைத்ததில்லை. நியாயமான பணக் கேள்வி, அவமதிப்பான பதில். ஆனால் டெஸ்லா கவிழவில்லை. ஆகஸ்ட் 1-ம் தேதி அழைப்பில் மஸ்க் அந்த ஆய்வாளர்களிடமே மன்னிப்புக் கேட்டார், மூன்றாம் காலாண்டில் நிறுவனம் லாபம் காட்டியது.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே? டெஸ்லா முடிவுகளோடு பேலன்ஸ் ஷீட்டும் பணப்புழக்கமும் வந்திருந்தன. கையிருப்பு 340 கோடியிலிருந்து 270 கோடி டாலர் அளவுக்குக் குறைந்ததை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். மஸ்க் வாயால் சொல்ல மறுத்ததைத் தாள் ஓரளவு சொன்னது. அங்கே நிலைமை மோசமாகத்தான் இருந்தது, ஆனால் மறைவில் இல்லை. என்ரானில் வாயும் சொல்லவில்லை, தாளும் சொல்லவில்லை. அதனால் எரிச்சலைப் பார்த்தவுடன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கேட்கப்பட்ட தகவல் வேறெங்காவது கிடைக்கிறதா? கிடைத்தால் அது தொனிக் குறிப்பு. கிடைக்காவிட்டால் எச்சரிக்கை. இந்த ஒரு பிரிப்பைச் செய்யாமல் எல்லாவற்றையும் "சிவப்புக் கொடி" என்று எழுதித் தள்ளினால், ஆய்வாளர் நாலாவது வாரமே அந்தப் பகுதியைப் படிப்பதை நிறுத்திவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 16-க்கான பக்கம்

சரி, எழுதிப் பார்க்கலாம்.

> முதல் வரி: அறிக்கையில் இல்லாத எண் ஒன்று அழைப்பில் சொல்லப்பட்டது. பங்குதாரர் மூலதனம் சுமார் 120 கோடி டாலர் குறைகிறது.
>
> சொன்னது: வழக்கமான லாபம் பங்குக்கு 43 சென்ட். நிகர நஷ்டம் 61.8 கோடி. ஒருமுறைச் செலவு 101 கோடி, மூன்று தலைப்புகளில் (28.7, 18, 54.4). 2001-க்கு 1.80, 2002-க்கு 2.15 டாலர் முன்கணிப்பில் மாற்றமில்லை. நிதி ஏற்பாடுகளை முன்கூட்டியே முடித்ததையொட்டி மூலதனக் குறைவு சுமார் 120 கோடி (லே, தயாரித்த உரை).
>
> சொல்லாதது: 120 கோடியும் 54.4 கோடியும் எப்படிப் பொருந்துகின்றன. ஏற்பாட்டின் எதிர்த்தரப்பின் பெயர். மூலதனக் குறைவு அறிக்கையில் ஏன் இல்லை.
>
> தொனி: ஏப்ரலில் பேலன்ஸ் ஷீட் பற்றிய கேள்விக்குக் காரணம் தரப்படவில்லை. இந்த முறை பேலன்ஸ் ஷீட்டில்தான் பெரிய மாற்றம், அதற்கும் விளக்கமில்லை. விஷயம் மாறவில்லை, தொகை பெரிதாகியிருக்கிறது.
>
> எச்சரிக்கை (என் கருத்து): லாப நஷ்டக் கணக்கு வழியாக வராமல் மூலதனம் பத்தில் ஒரு பங்கு குறைவது, முந்தைய பதிவில் ஏதோ திருத்தம் இருப்பதைக் காட்டலாம். நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை.
>
> எப்படிச் சரிபார்ப்பது: நவம்பரில் வரும் காலாண்டுத் தாக்கலில் மூலதன மாற்ற விவரம், தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பு. அதற்கு முன் முதலீட்டாளர் தொடர்பு அலுவலகத்திடம் கேட்க ஒரே கேள்வி: 120 கோடிக்குப் பதிவு என்ன, எந்தத் தேதியில்?

இதில் மிகவும் கவனமாக எழுத வேண்டியது "என் கருத்து" என்ற பகுதி. சொன்னதும் நாம் ஊகித்ததும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், அவசரத்தில் படிப்பவர் ஊகத்தை நிறுவனத்தின் கூற்றாக எடுத்துக்கொண்டு மேலே அனுப்பிவிடுவார். அங்கிருந்து இன்னொருவர் அதை மேற்கோளாகவே போடுவார். அதனால்தான் அந்தப் பத்தியின் கடைசி வாக்கியம், "நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை", எவ்வளவு இடநெருக்கடி வந்தாலும் வெட்டக் கூடாதது. சொன்னதற்குப் பக்கத்தில் யார், எந்தப் பகுதியில் சொன்னார் என்பதும் இருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் பார்த்துத் திருத்திய தயாரித்த உரையில் ஒரு வாக்கியம் இருந்தால், அது அப்படியே இருக்கட்டும் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் வாய்தவறி வந்தால் அதன் எடை வேறு.

43 சென்ட் முதல் வரியில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தப்பான எண் என்பதால் அல்ல. அதைத் தெரிந்துகொள்ள ஆய்வாளருக்கு நாம் தேவையில்லை.

இந்தப் பக்கம் எதைக் கண்டுபிடித்திருக்காது

நவம்பர் 8 அன்று என்ரான் 1997 முதலான கணக்குகளைத் திருத்துவதாக அறிவித்தபோது, அந்த 120 கோடியின் உள்விவரமும் வெளியே வந்தது. அதில் 100 கோடி ஏற்பாடுகளை முடித்ததால் வந்ததே அல்ல, கணக்குப் பிழைத் திருத்தம். நிறுவனம் தன் பங்கைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாகப் பணம் வாங்காமல் கடன் பத்திரம் வாங்கியிருந்தது. அந்தப் பத்திரத்தைச் சொத்தாகவும், அதே அளவுக்கு மூலதனம் கூடியதாகவும் எழுதியிருந்தது. அப்படிக் கூட்டிக் காட்டியதில் 17.2 கோடி 2000-ம் ஆண்டின் பதிவு. மீதி 82.8 கோடி பதிவானது 2001-ன் முதல் காலாண்டில், கிரப்மேன் எந்தக் காலாண்டின் பேலன்ஸ் ஷீட் எங்கே என்று கேட்டாரோ அதே காலாண்டில்.

கதையாகக் கேட்க இது கச்சிதமாக இருக்கிறது, ஆனால் இதிலிருந்து அதிகம் முடிவுகட்ட வேண்டாம். ஏப்ரல் 17 அன்றே பேலன்ஸ் ஷீட் கிடைத்திருந்தாலும் அந்த 82.8 கோடி அதில் சொத்துக்குள்ளும் மூலதனத்துக்குள்ளும் கரைந்துதான் இருந்திருக்கும். மே மாதத் தாக்கலில் பேலன்ஸ் ஷீட் வெளிவந்தது, அப்போதும் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. டிரான்ஸ்கிரிப்டிலிருந்து மோசடியைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த இடத்தில் பதில் வரவில்லை என்பதைத் தேதியோடு குறித்து வைக்க முடியும், அவ்வளவுதான். அப்படிக் குறித்தது அடுத்த காலாண்டில் அதே இடத்தில் மறுபடி வந்தால், ஆய்வாளர் தன் மாதிரிக் கணக்கைத் திறப்பதற்கு முன் தொலைபேசியை எடுக்க அதுவே போதும்.

அக்டோபர் 23-ம் தேதி என்ரான் அவசரமாக இன்னொரு அழைப்பு வைத்தது. கிரப்மேன் மறுபடி வரிசையில் இருந்தார், இந்த முறை பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளியே, கடன் திரட்ட நிறுவனம் அமைத்திருந்த ஒரு டிரஸ்டின் கடனைப் பற்றி விடாமல் கேட்டார். பங்கு விலையைக் கீழே தள்ளப் பார்க்கிறீர்கள், அதில் ஜெயித்தும் விட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, லே அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார். அன்றைய பக்கத்தில் "சொல்லாதது" பகுதியில் ஒரு வரி கூடியிருக்கும்: ஏப்ரல் 17-ல் கேட்டது பேலன்ஸ் ஷீட், பதில் இல்லை, அக்டோபர் 16-ல் 120 கோடி, விளக்கம் இல்லை, அக்டோபர் 23-ல் டிரஸ்டின் கடன், கேள்வி துண்டிக்கப்பட்டது.